நாலு கோடு, குறுக்கே ஒண்ணு

நாலு கோடு நேரா, அஞ்சாவது குறுக்கே. பள்ளிக்கூடத்துல "நேர்க்கோட்டுக் குறி"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. கேரம்போர்டு ஆடுறப்ப பாயிண்ட் எழுதுறதுல இருந்து, சங்கத் தேர்தல்ல ஓட்டு எண்ணுறது வரைக்கும் எல்லாரும் போட்டிருப்போம். கடைசியில ஒவ்வொரு கட்டத்துலயும் கட்டுகளை அஞ்சஞ்சா எண்ணி, உதிரியைக் கூட்டி, பக்கத்துல ஒரு எண்ணை எழுதினா வேலை முடிஞ்சுது.

இதுல எழுத என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? இந்தச் சின்ன வேலையை ஒரு நாடே பல வருஷம் செஞ்சு பாத்து, கடைசியில கைவிட்ட கதை இருக்கு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்போட கதை. "கையால எண்ண நேரமாச்சு, அதனால மெஷின் வந்துச்சு"ன்னு ஒரே வரியில பல இடத்துல இதை முடிச்சிடுறாங்க. எனக்கு அது பாதிக் கதைன்னு தோணுது. நேரத்தை விடப் பெரிய சிக்கல் ஒண்ணு அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்துச்சு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

1840-ல இருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த வருஷக் கணக்கெடுப்புல, வீட்டுத் தலைவர் பேரைத்தான் எழுதுவாங்க. மத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பேர் கிடையாது. வீட்டுல அஞ்சு வயசுக்குக் கீழே வெள்ளைக்கார ஆண் குழந்தை எத்தனை, இருபதிலிருந்து முப்பது வயசுப் பெண்கள் எத்தனை, அடிமைகள் எத்தனைன்னு எண்ணி அந்தந்தக் கட்டத்துல போடணும். அதாவது, ஆட்களை வகைவாரியான எண்ணா மாத்துற வேலை வீட்டு வாசல்லயே முடிஞ்சிடும். படிவம் ரெண்டு பக்கத்துக்கு அகலமா விரியும். எழுபதுக்கும் மேல கட்டங்கள். அதுல வலது கோடியில, மனநோயாளிகளுக்கும் மூளை வளர்ச்சி குன்றியவங்களுக்கும் தனிக் கட்டங்கள் இருந்துச்சு: வெள்ளையருக்கு ஒரு தொகுதி, கறுப்பருக்கு ஒரு தொகுதி. தலைப்புகள் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

முடிவுகள் வெளியானப்ப ஒரு "கண்டுபிடிப்பு" கிளம்புச்சு. அடிமைமுறை இல்லாத வட மாநிலங்கள்ல 162 கறுப்பர்ல ஒருத்தருக்கு மனநோய். அடிமைமுறை இருந்த தென் மாநிலங்கள்ல 1,558 பேருக்கு ஒருத்தர்தான். மெய்ன் மாநிலத்துல 14 பேருக்கு ஒருத்தர்! இதைப் பிடிச்சுக்கிட்டவங்க சும்மா இருப்பாங்களா? சுதந்திரம் கறுப்பருக்கு ஒத்துக்காது, அடிமையா இருந்தாத்தான் புத்தி தெளிவா இருக்கும்னு பேச ஆரம்பிச்சாங்க. 1844-ல வெளியுறவுத் துறைச் செயலரா இருந்த ஜான் கால்ஹூன், பிரிட்டிஷ் தூதர் பேக்கன்ஹாமுக்கு எழுதின அதிகாரபூர்வக் கடிதத்திலேயே இந்த எண்களை எடுத்துவிட்டு அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கினார்.

எட்வர்ட் ஜார்விஸ்னு ஒரு டாக்டர். மசாசூசெட்ஸ்காரர். முதல்ல அவரும் இந்த எண்களை நம்பி 1842-ல எழுதினார். அப்புறம் சந்தேகம் வந்து, மாநில மொத்தத்தை விட்டுட்டு ஊர் ஊராப் பிரிச்சுப் பாத்தார். வட மாநிலங்கள்ல பல ஊர்கள்ல, கறுப்பர் ஒருத்தர்கூட இல்லை, ஆனா கறுப்பு மனநோயாளிகள் இருக்காங்க! வூஸ்டர் நகரத்துல மொத்தக் கறுப்பர் 151 பேர், அதுல 133 பேர் மனநோயாளிகள்னு போட்டிருந்துச்சு. அந்த ஊர்லதான் மாநில மனநோய் மருத்துவமனை இருந்துச்சு. அந்த 133 பேரும் அங்கே இருந்த வெள்ளைக்கார நோயாளிகள். யாரோ ஒருத்தர் பக்கத்துத் தொகுதியில எண்ணைப் போட்டுட்டார். அவ்வளவுதான்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. மொத்தக் கூட்டல் தப்பாகலை. மனநோயாளிகள் 133 பேர் இருந்தது உண்மை. கூட்டிப் பாத்தா சரியா வரும். கட்டம் மாறினதை எந்தக் கூட்டலும் பிடிக்காது. ஜார்விஸ் பிடிச்சதுக்குக் காரணம், இல்லாத ஆளுக்கு நோய் இருக்க முடியாதுங்கற பொது அறிவுதான். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்துச்சு. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் சபையில கேள்வி கேட்டார். விசாரிக்கச் சொன்னதும், அந்தக் கணக்கெடுப்பை நடத்தினவர்கிட்டயே அந்த வேலை போச்சு! பெரிய தப்பு ஒண்ணும் இல்லைன்னு அறிக்கை வந்துச்சு. அச்சான எண்கள் கடைசி வரைக்கும் அதிகாரபூர்வமா திருத்தப்படவே இல்லை.

அடுத்த கணக்கெடுப்புல, 1850-ல, முறையை மாத்தினாங்க. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேர், வயசு, ஆணா பெண்ணா, நிறம், தொழில், பிறந்த இடம். (அடிமைகளுக்கு அப்பவும் பேர் எழுதலை. உரிமையாளர் பேருக்குக் கீழே வயசு, ஆண்/பெண், நிறம் மாதிரி விவரங்கள்தான்.) வாசல்ல எண்ணுறது நின்னுச்சு. எழுதின தாள் எல்லாம் வாஷிங்டனுக்குப் போகும், அங்கே குமாஸ்தாக்கள் உக்காந்து எண்ணுவாங்க. நம்ம கோடு இங்கேதான் மேடை ஏறுது.

வேலை எப்படின்னா: பெரிய தாள் ஒண்ணுல கட்டங்கள் போட்டு வச்சிருப்பாங்க. குமாஸ்தா படிவத்துல ஒரு வரியைப் படிப்பார். "வெள்ளையர், ஆண், வெளிநாட்டுல பிறந்தவர்." பெரிய தாள்ல அந்தக் கட்டத்தைத் தேடி ஒரு கோடு. அடுத்த வரி, அடுத்த கோடு. ஒரு பகுதி முடிஞ்சதும் கோடுகளை எண்ணி எண்ணா எழுதி, அந்த எண்களை இன்னொரு தாள்ல சேர்த்து, மாவட்டம், மாநிலம்னு கூட்டிக்கிட்டே போகணும்.

ஒரு பக்கத்தை எடுத்து நாமளே செஞ்சு பாப்போம். 1880 படிவத்துல பக்கத்துக்கு 50 வரி. எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டது:

உள்நாட்டுல பிறந்த வெள்ளை ஆண்: 3 கட்டு, 4 உதிரி = 19
உள்நாட்டுல பிறந்த வெள்ளைப் பெண்: 3 கட்டு, 2 உதிரி = 17
வெளிநாட்டுல பிறந்த வெள்ளை ஆண்: 1 கட்டு = 5
வெளிநாட்டுல பிறந்த வெள்ளைப் பெண்: 4 உதிரி = 4
கறுப்பர், ஆண்: 3 உதிரி = 3
கறுப்பர், பெண்: 2 உதிரி = 2

கூட்டினா 50. பக்கத்துல 50 வரி. சரி.

இப்போ தப்பு எப்படியெல்லாம் வரும்னு பாக்கலாம். மூணு வகை.

முதல் வகை, ஒரு வரியைத் தாண்டிடறது. தும்மல் வந்துச்சு, கண்ணு ஒரு வரி கீழே இறங்கிடுச்சு. கூட்டல் 49 வரும். தப்பு இருக்குன்னு உடனே தெரியும். எந்த வரின்னு தெரியாது, ஆனா பக்கத்தைத் திரும்பப் பண்ணினா போதும்.

ரெண்டாவது வகை, கட்டுத் தப்பு. வேகமா போடுறப்ப மூணு கோட்டுக்கே குறுக்குக் கோடு விழுந்துடும். அதாவது நாலு கோடு இருக்கற கட்டு. எண்ணுறவர் உள்ளே எத்தனைன்னு பாக்க மாட்டார். கட்டைப் பாத்தா அஞ்சு, அவ்வளவுதான். முதல் கட்டத்துல 19 கோடு, 4+5+5+5-ன்னு விழுந்திருந்தா, நாலு கட்டா எண்ணி 20-ன்னு எழுதுவார். மொத்தம் 51 வரும். இதையும் பிடிக்கலாம். இன்னும் சுலபமா, கோடு போட்ட தாளையே பாத்துப் பிடிக்கலாம், ஏன்னா குட்டையான கட்டு அங்கேயே கண்ணுக்குத் தெரியும்.

மூணாவது வகைதான் வில்லன். கோடு பக்கத்துக் கட்டத்துல விழுந்துடறது. வெளிநாட்டு வெள்ளை ஆண் 5-க்குப் பதிலா 4, கறுப்பர் ஆண் 3-க்குப் பதிலா 4. கூட்டல் 50. எல்லாம் சரி! மேலதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவார்.

ஒரே ஒரு கோடு. ஆனா அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிக்கலை பாருங்க. வெள்ளை ஆண் கட்டத்துல அஞ்சுக்கு நாலுன்னா 20 சதவீதம் குறைவு. கறுப்பர் கட்டத்துல மூணுக்கு நாலுன்னா 33 சதவீதம் அதிகம். அதே கோடு 19 பேர் இருக்கற கட்டத்துல தப்பா விழுந்திருந்தா சுமார் 5 சதவீதம்தான். கட்டம் எவ்வளவு சின்னதோ, தப்பு அவ்வளவு பெரிசாத் தெரியும். பெரிய கூட்டத்துல கையளவு ஆட்கள் காணாமப் போனா யாருக்கும் தெரியாது. அதே ஆட்கள் சின்னக் கூட்டத்துக்குள்ள விழுந்தா அந்தக் கூட்டத்தோட முகமே மாறிடும். வூஸ்டர்ல நடந்தது இதுதான்.

சரி, ரெண்டு குமாஸ்தாவை வச்சுத் தனித்தனியா பண்ணிப் பாத்தா? ஒருத்தருக்கு 5, 3 வருது. இன்னொருத்தருக்கு 4, 4 வருது. வித்தியாசம் இருக்குன்னு தெரியும். யாரு சரி? தாளைப் பாத்துச் சொல்ல முடியாது. ஏன்னா கோட்டுக்குப் பேர் இல்லை. கட்டத்துல இருக்கற நாலு கோட்டுல எது யாரோட கோடுன்னு அதைப் போட்டவருக்கே தெரியாது. 50 வரியையும் மறுபடி படிக்கறதைத் தவிர வழி இல்லை. 1850-ல படிவத்துல ஆளுக்கு ஒரு வரி கொடுத்தாங்க. ஆனா எண்ணுற மேசைக்கு வந்ததும் அந்த ஆள் மறுபடியும் பேரில்லாத கோடா ஆயிட்டார்.

இதோட இன்னொரு விளைவு. கோடு போடறதுக்கு முன்னாடியே என்ன கேள்வி கேக்கப் போறோம்னு முடிவு பண்ணியாகணும். மேலே நாம போட்டது 6 கட்டம். வயசையும் சேர்த்து, 20 வயசுப் பிரிவுன்னு வச்சா 120 கட்டம். கல்யாணம் ஆகாதவர், ஆனவர், துணையை இழந்தவர்னு பிரிச்சா 360. தாள் மேசையை விட்டு வழியும். வேண்டாம்னு 6 கட்டத்தோட நிறுத்திட்டு, அடுத்த மாசம் யாராவது வந்து "இதுல எத்தனை பேர் கல்யாணம் ஆனவங்க?"ன்னு கேட்டா, 19 கோட்டை எவ்வளவு நேரம் உத்துப் பாத்தாலும் பதில் வராது. நாடு முழுக்கப் படிவங்களை எடுத்து முதல் வரியில இருந்து ஆரம்பிக்கணும்.

இது கற்பனை இல்லை. 1880-ல வீடு வீடாப் போய் கல்யாண நிலையைக் கேட்டு எழுதினாங்க. 5 கோடிப் பேர்கிட்ட. ஆனா அதை எண்ணி வெளியிடவே இல்லை! அமெரிக்காவுல கல்யாண நிலை பத்தின அட்டவணை முதல்முதலா வந்தது 1890 கணக்கெடுப்புலதான்.

நடுவுல ஒரு சமாளிப்பும் நடந்துச்சு. சார்லஸ் சீட்டன்னு கணக்கெடுப்பு அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா. 1870 கணக்கெடுப்பு வேலை நடந்துக்கிட்டு இருந்தப்ப ஒரு பெட்டி செஞ்சார். கோடு போடற தாளை நீளமான சுருளா உருளைகள்ல மேலும் கீழுமா சுத்திவிட்டார். தள்ளித் தள்ளி இருந்த கட்டங்கள் எல்லாம் கைக்குப் பக்கத்துல வந்துடும். கையை எட்டி எட்டிப் போடற அலுப்பு குறைஞ்சுது, வேகம் கூடுச்சு. ஆனா கோடு கோடாவேதான் இருந்துச்சு. கட்டங்கள் நெருங்கி வந்தா பக்கத்துக் கட்டத்துல கை தவறுறதும் சுலபம்ங்கறது என் சொந்த அனுமானம். எப்படியோ, அந்தப் பெட்டி இருந்தும் 1880 கணக்கை எண்ணி வெளியிட ஏழெட்டு வருஷம் ஆச்சு. அடுத்த கணக்கெடுப்பு வாசல்ல வந்து நின்னுடுச்சு.

1889-ல ஒரு போட்டி வச்சாங்க. செயின்ட் லூயிஸ் நகரத்துல நாலு பகுதி, 1880-ல எழுதின 10,491 பேரோட விவரம். மூணு முறைகள் போட்டியில. வில்லியம் ஹன்ட், சார்லஸ் பிட்ஜின் ரெண்டு பேரோடதும் காகித முறை. ஒவ்வொரு ஆளையும் தனிச் சீட்டுல எழுதி, நிறத்தை அடையாளமா வச்சுப் பிரிச்சு, கையால எண்ணணும். மூணாவது ஹெர்மன் ஹாலரித். 1880 கணக்கெடுப்புல வேலை பாத்தவர். அங்கே ஜான் ஷா பில்லிங்ஸ்ங்கற பெரியவர் கொடுத்த யோசனையில இருந்து மின்சார எந்திரம் செஞ்சவர். ஆளுக்கு ஒரு அட்டை, விவரத்துக்கு ஒரு துளை.

விவரத்தைச் சீட்டுக்கோ அட்டைக்கோ மாத்த ஹன்ட்டுக்கு 144 மணி 25 நிமிஷம், பிட்ஜினுக்கு 110 மணி 56 நிமிஷம், ஹாலரித்துக்கு 72 மணி 27 நிமிஷம். அப்புறம் அதை வகைவாரியா எண்ண ஹன்ட்டுக்கு 55 மணி 22 நிமிஷம், பிட்ஜினுக்கு 44 மணி 41 நிமிஷம், ஹாலரித்துக்கு 5 மணி 28 நிமிஷம்!

எல்லாரும் அந்தக் கடைசி எண்ணைத்தான் மேற்கோள் காட்டுவாங்க. நான் வேற ஒண்ணைப் பாக்கறேன். போட்டிக்கு வந்த மூணுல ஒண்ணுகூடக் கோடு போடற முறை இல்லை. எந்திரமா காகிதமாங்கற சண்டைக்கு முன்னாடியே கோடு தோத்துப் போயிருந்துச்சு. மூணு பேரும் ஒரே விஷயத்தைத்தான் செஞ்சாங்க: ஆளைக் கோடா மாத்தாம, கையில எடுக்கக்கூடிய ஒரு சீட்டா மாத்தினாங்க. அதுக்கு நிறைய நேரத்தையும் செலவழிச்சாங்க. ஹாலரித்தோட மொத்த நேரத்தைப் பாருங்க, எண்ணுறதுக்கு ஆனதைப் போல பதிமூணு மடங்கு அட்டையில துளை போடவே போயிருக்கு. ஆனா ஒருமுறை போட்டுட்டா, அதே அட்டைகளை வயசுப்படி ஒரு தடவை, தொழில்படி ஒரு தடவை, கல்யாண நிலைப்படி ஒரு தடவைன்னு எத்தனை வாட்டி வேணும்னாலும் பிரிக்கலாம்.

துளையைத் தப்பான இடத்துல போட்டா? போடலாம், போட்டாங்க. அட்டை ஒண்ணும் மாயம் இல்லை. ஆனா சந்தேகமான கட்டு ஒண்ணு வந்தா, அந்த அட்டைகளை மட்டும் தனியா எடுத்துப் படிவத்தோட ஒப்பிடலாம். கறுப்பரே இல்லாத ஊர்ல கறுப்பு நோயாளின்னு வந்தா, இதோ இந்த அட்டைன்னு கையில எடுத்துக் காட்டலாம். தேவையான துளை விடுபட்டிருந்தா ஹாலரித் எந்திரத்துல மணி அடிக்காது, அந்த அட்டையைத் தனியா வைப்பாங்க. கோடு போட்ட தாள்ல இது எதுவும் நடக்காது.

எந்திரம் இல்லாமலும் இதைச் சாதிக்கலாம்ங்கறதுக்கு நம்ம நாடே சாட்சி. 1901 இந்தியக் கணக்கெடுப்புல, தாள்ல குறி போடறதை விட்டுட்டு சீட்டு முறைக்கு மாறினாங்க. ஆளுக்கு ஒரு சீட்டு, மதத்துக்கு ஒரு நிறம். சீட்டைப் பிரிச்சு எண்ணினாங்க. மின்சாரமும் இல்லை, பாதரசக் கிண்ணமும் இல்லை.

அப்போ கோடே போடக் கூடாதான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்லலை. ஒரே ஒரு கேள்வி, கொஞ்சம் கட்டங்கள், மறுபடி கேக்க வேண்டிய அவசியம் இல்லைன்னா கோட்டை மிஞ்சின வேகம் கிடையாது. கேரம்போர்டுக்கு யாரும் அட்டையில துளை போட வேண்டாம். ஆனா சர்வே தாள்ல கோடு போட்டு எண்ணா மாத்துறப்ப, கூட்டல் சரியா வந்துச்சுங்கறதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: யாரையும் விடலை, யாரையும் ரெண்டு தடவை எண்ணலை (ரெண்டும் நடந்து ஒண்ணையொண்ணு அடிச்சுக்காத வரைக்கும்). ஆள் சரியான கட்டத்துல இருக்காரான்னு அது சொல்லவே சொல்லாது. அதைப் பாக்கணும்னா ஜார்விஸ் செஞ்ச மாதிரி சின்னக் கட்டத்துல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு, மூணுன்னு இருக்கற கட்டங்களை எடுத்து, மூலத் தாள்ல அந்த ரெண்டு மூணு பேரையும் பேர் சொல்லித் தேடணும். கிடைச்சா சரி. கிடைக்கலைன்னா பக்கத்துக் கட்டத்தைப் பாக்கணும்.

மூலத் தாள் இருந்தாத்தான் அதுவும் நடக்கும். 1921 ஜனவரியில வாஷிங்டன்ல வணிகத்துறைக் கட்டடத்துல தீப்பிடிச்சுது. 1890 கணக்கெடுப்போட மக்கள்தொகைப் படிவங்கள்ல பெரும்பகுதி தீயிலயும் தண்ணியிலயும் நாசமாச்சு. மிச்சமிருந்ததுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் 1930-கள்ல அரசே அழிச்சிடுச்சு. ஆறு கோடிச் சொச்சம் பேரைப் பத்தின எண்கள் புத்தகத்துல அப்படியே இருக்கு. அதுல ஏதாவது ஒரு சின்னக் கட்டத்துமேல இன்னிக்கு ஒருத்தருக்கு சந்தேகம் வந்தா, போய்ப் பாக்க கிட்டத்தட்ட வரியே இல்லை.